கணக்கில் விட்டுப்போன ஐந்து முட்டை

“முப்பத்தஞ்சா? ஏம்மா, நெசமாவே முப்பத்தஞ்சுதானா, இல்லே இருபத்தஞ்சுன்னு சொல்ல வந்து வாய் தவறிடுத்தா?”

“முப்பத்தஞ்சுதான் சார்.”

“டவுன்ல பேக்கரிக்காரன் ஒரு கிலோ கேக் இருபத்திரண்டு ரூபாய்க்குத் தரான். மேலே ரோஜாப்பூ, பேரு எல்லாம் போட்டு.”

“தெரியும் சார்.”

“அவன் முட்டை போட்டுப் பண்றான். நீ முட்டையே இல்லாம பண்றே. அப்போ ஒனக்குச் செலவு குறைச்சல்தானே? நியாயமாப் பார்த்தா நீ அவனைவிடக் கம்மியா இல்லே கேக்கணும்?”

அழகம்மாள் கையிலிருந்த தகரப் பெட்டியைப் பார்த்தாள். பெட்டிக்குள் வெள்ளை ஐசிங் பூசிய கேக் இருந்தது. அதன் மேல் இளஞ்சிவப்பில் ‘அகிலா’ என்று எழுதி, ‘லா’வின் வாலை ஒரு கொடியாக இழுத்து, கொடியில் மூன்று இலைகள் விட்டிருந்தாள். பசுமலையிலிருந்து ஆண்டாள்புரம் வரைக்கும் டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வேகத்தடைக்கும் பெட்டியைக் காற்றில் தூக்கிப் பிடித்துக் கொண்டுவந்தது.

இரண்டு வருஷமாக இந்த வீட்டுக்குக் கேக் கொண்டுவருகிறாள். ஆனால் கூடத்துக்குள் வருவது இதுதான் முதல் தடவை. எப்போதும் வேலை நாளில், பின்பக்கம் வந்து, துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் நிற்பாள். ஸ்யாமளா வந்து வாங்கிக்கொண்டு முந்தானை முடிச்சிலிருந்து பணத்தைத் தருவாள். இந்தத் தடவை ஸ்யாமளாவின் மகள் அகிலாவின் பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்து தொலைத்தது. ஞாயிற்றுக்கிழமை ஸ்யாமளாவின் கணவர் பஞ்சாபகேசன் வீட்டில் இருந்தார். பாங்கியில் கணக்கு அதிகாரி. பின்பக்கம் போனவளை, “யாரு? கேக்கா? முன்னாலே வரச் சொல்லு, நான் பார்க்கறேன்” என்று கூப்பிட்டுவிட்டார்.

சமையலறை வாசலில் தொங்கிய திரைக்குப் பின்னால் ஸ்யாமளா நிற்பது அழகம்மாளுக்குத் தெரிந்தது. திரைக்குக் கீழே இரண்டு பாதங்கள் அசையாமல் இருந்தன.

அந்தப் பாதங்கள் ஏன் அப்படி நிற்கின்றன என்பது அழகம்மாளுக்கு மட்டும்தான் தெரியும். முதல் தடவை ஸ்யாமளா கேட்டது முட்டை இல்லாத கேக்தான். தயிரும் ஆப்பசோடாவும் போட்டு அழகம்மாள் செய்து பார்த்தாள். அது உப்பவே இல்லை. நடுவில் குழி விழுந்து, ஈரமாக, களி மாதிரி இருந்தது. குழந்தை ஒரு வாய் கடித்துவிட்டுத் துப்பிவிட்டதாம். அடுத்த தடவை பின்பக்கம் துவைக்கிற கல்லருகே நின்று, ஸ்யாமளா குரலைத் தாழ்த்தி, “எல்லாருக்கும் பண்றாப்பலயே பண்ணிடுங்கோ. அவர்ட்ட மட்டும் வேண்டாம். எனக்கும் ஒங்களுக்கும் தெரிஞ்சா போறும்” என்றாள். அன்றிலிருந்து அது இரண்டு பெண்களுக்குள் இருந்தது. ஒரு தீபாவளி, ஒரு புதுவருஷம், இரண்டு பிறந்தநாள். பஞ்சாபகேசன் ஒவ்வொரு தடவையும் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, “வீட்டுல பண்றதோட சுத்தமே தனி” என்பாராம். ஸ்யாமளாவே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். அழகம்மாளும் சிரித்திருக்கிறாள்.

இப்போது அவர் பதிலுக்குக் காத்திருந்தார். கெட்ட மனுஷர் இல்லை. உட்காரச் சொன்னார், மின்விசிறியைக்கூடப் போட்டார். விலை மட்டும்தான் அவருக்குப் பிடிபடவில்லை.

“சார், கோவிச்சுக்காம கேக்கணும்” என்று ஆரம்பித்தாள். “கடையில போடுறது டால்டா. நான் போடுறது வெண்ணெய். கேக்குக்குக் கால் கிலோ, மேல பூசுறதுக்கு நூத்தம்பது கிராம். கீழமாசி வீதியில கிலோ முப்பத்தாறுக்குக் குறைஞ்சு நல்ல வெண்ணெய் கிடையாது.”

பஞ்சாபகேசன் மேஜைமேல் கிடந்த பழைய காலண்டர் தாளைத் திருப்பி வைத்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். “பதினாலு நாற்பது. மேலே சொல்லு.”

அவர் எழுதுவார் என்று அவள் நினைக்கவில்லை.

“சர்க்கரை ரெண்டுக்கும் சேர்த்து அரைக் கிலோவுக்கு மேல ஆகும் சார். பூசுறதுக்கு உள்ளத மிக்ஸியில அரைச்சா போதாது, துணியில சலிக்கணும். இல்லாட்டி நாக்குல நறநறங்கும்.”

“மூணு முப்பது.”

“மைதா கால் கிலோ. எசன்ஸு, பேக்கிங் பவுடரு, அடியில போடுற பட்டர் பேப்பரு…”

“ரெண்டரை வச்சுக்கலாம்.”

“கரண்டு, பஸ்ஸு…”

“ரெண்டு.” அவர் கோடு போட்டுக் கூட்டினார். “இருபத்திரண்டு ரூபாய் இருபது பைசா. பார்த்தியா? பேக்கரிக்காரன் விக்கற விலைக்கே ஒன்னோட சாமான் எல்லாம் அடங்கிடுத்து. மீதி பன்னெண்டு எண்பது எங்கே போறது?”

கேட்ட விதத்தில் எகத்தாளம் இல்லை. ஏட்டில் இடிக்கிற ஒரு தொகையைப் பார்த்துக் கேட்கிற கேள்வி. ஆனாலும் அவளுக்குக் காது மடல் சூடாயிற்று.

“மீதி என் கை சார்” என்றாள். “வெண்ணெயையும் சர்க்கரையையும் மரக்கரண்டியால ஒரே பக்கமா அடிக்கணும். முக்கா மணி நேரம். மஞ்சளா இருக்கிற வெண்ணெய் வெள்ளை வெளேர்னு பஞ்சு மாதிரி வந்தாத்தான் கேக்கு எழும்பும். நடுவுல நிறுத்தினா அம்புட்டும் வீணு. சாயங்காலமானா வோல்டேஜ் இருக்காது, ஓவன் சூடு ஏறாது. அதனால விடியக்காலையிலயே எந்திரிச்சு உட்காரணும். வெந்த பெறகு நாலு மணி நேரம் ஆறப்போட்டுத்தான் மேல பூசணும். சூட்டோட பூசினா வழிஞ்சிரும். பேரு எழுத ஒரு மணி நேரம். எடுத்துட்டு வர ஒரு மணி நேரம்.”

நல்ல பதில் என்று அவளுக்கே தோன்றியது. பணிவாகவும் இருந்தது. திரைக்குக் கீழிருந்த பாதங்களில் ஒன்று லேசாக அசைந்து, பாரத்தை மற்றதற்கு மாற்றிக்கொண்டது.

பஞ்சாபகேசன் தலையை ஆட்டினார். “கஷ்டம்தான். இல்லேங்கலே. ஆனா யோசிச்சுப் பாரு. வயக்காட்டுல நாள் முழுக்க நாத்து நடற பொம்மனாட்டிக்கு ஏழு ரூபாய் கூலி. நீ நிழல்ல ஒக்காந்துண்டு கரண்டியச் சுத்தறே. அதுக்குப் பன்னெண்டு எண்பதா? அடிக்கறதுக்கா இவ்வளவு?”

அழகம்மாளின் அம்மா அலங்காநல்லூர்ப் பக்கம் நாற்று நட்டவள். அழகம்மாளும் பதினெட்டு வயசு வரைக்கும் நட்டவள்தான். நடுவது எப்படி, முதுகு எங்கே வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும். கேக் மாவு அடிக்கும்போது தோள்பட்டைக்குக் கீழே எங்கே வலிக்கும் என்றும் தெரியும். பசுமலையில் பெண்களுக்கு நடத்திய மூன்று மாத வகுப்பில் சேர்ந்து, கண்ணாடி மூடி போட்ட வட்ட ஓவனை வாங்கி, முதல் ஆறு மாதம் கருகியதையும் குழி விழுந்ததையும் வீட்டாரையே தின்ன வைத்து, அப்புறம்தான் இந்தக் கை வந்தது. ஐந்து ரூபாய் குறைத்துக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். “சரி சார், முப்பது கொடுங்க” என்று சொல்ல ஒரு மூச்சுதான் வேண்டும். வாயில் அந்தச் சொல் வந்தும் விட்டது.

அவர் தாளை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். “நீயே பாரு. நான் எதையாவது விட்டுட்டேனா?”

“அஞ்சு முட்டைய விட்டுட்டீங்க சார்” என்றாள் அழகம்மாள்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. காலண்டர் தாளின் ஒரு மூலை எழும்பி எழும்பி அடங்கியது. பஞ்சாபகேசன் பேனாவை மூடினார். மூடி திரும்புகிற சின்னச் சத்தம்கூடக் கேட்டது.

“என்ன சொன்னே?”

 அழகம்மாள் சொன்னதைத் திரும்ப வாய்க்குள் இழுத்துக்கொள்ள முடியாதா என்பதுபோல உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“முட்டையா?” என்றார். சத்தம் போடவில்லை. “ஸ்யாமளா. இங்கே வா.”

திரை விலகியது. ஸ்யாமளா கையில் காபி டம்ளரோடு வந்தாள். அழகம்மாளுக்காகக் கலந்த காபி. டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் மார்போடு பிடித்துக்கொண்டிருந்தாள்.

“இவ சொல்றது வாஸ்தவமா? இதுலே முட்டை இருக்கா?”

ஸ்யாமளா கணவரைப் பார்க்கவில்லை. அழகம்மாளைத்தான் பார்த்தாள். ஆற்று வெள்ளத்தில் அடித்துப் போகிறவர்கள் கரையில் நிற்பவரைப் பார்க்கிற பார்வை அது.

“எனக்கு… எனக்குத் தெரியாதுன்னா.”

அவ்வளவுதான். இனி அழகம்மாளின் முறை. அவள் தகரப் பெட்டியின் மூடியைச் சரியாகப் பொருத்தினாள். அது முன்பே சரியாகத்தான் இருந்தது.

“அம்மாவுக்குத் தெரியாது சார். முட்டை இல்லாமத்தான் கேட்டாங்க. இல்லாம செஞ்சா உப்பலா வரலைன்னு நானாத்தான் போட்டேன்.”

“எத்தனை நாளா?”

“மொதல் தடவை மட்டும் போடல. பெறகு எல்லாத்துலயும்.”

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்து, பர்ஸைத் திறந்து, மூன்று பத்து ரூபாய்த் தாளும் ஓர் ஐந்து ரூபாய்த் தாளும் எடுத்து, அவள் பக்கம் மேஜையில் வைத்தார்.

“நீ கேட்டது. எண்ணிக்கோ. கேக்கையும் எடுத்துண்டு போயிடு. இனிமே இந்தப் பக்கம் வரவேண்டாம்.”

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. தலையைக் குனிந்துகொண்டு வாசலைத் தாண்டி, கேட்டைச் சாத்தி, பஸ் நிறுத்தத்துக்கு வந்த பிறகுதான் கவனித்தாள். அந்தப் பணம் அவள் கையில் இருந்தது. எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை. பழக்கப்பட்ட கை தானாகவே எடுத்துவிட்டிருக்கிறது.

*

“அப்ப கேக்கும் நமக்கு, காசும் நமக்கா?” என்று அவள் கணவன் முத்துக்கருப்பன் விழுந்து விழுந்து சிரித்தான். “வாரா வாரம் இப்படி ரெண்டு அய்யர் வீடு கெடச்சா நான் மில்லுக்கே போக வேண்டியதில்லையே!”

“சும்மா கெட.”

“ஏத்தா, தப்பு என்ன இருக்கு? அந்தம்மாவக் காட்டிக் குடுக்காம பழியத் தூக்கித் தலையில போட்டுக்கிட்டு வந்திருக்க. பெரிய மனுசிதான் போ.”

முத்துக்கருப்பனுக்கு மில்லில் வாரத்தில் மூன்று ஷிப்டுதான் கிடைத்துக்கொண்டிருந்தது. மீதி நாளில் சீட்டாடாமல், குடிக்காமல், மனைவிக்கு மைதா சலித்துக் கொடுக்கிற ஆள். அவன் சொன்னது ஆறுதலாகத்தான். ஆனால் அவன் புகழப் புகழ அவளுக்கு உள்ளே எதுவோ முள்ளாக அசைந்தது. அந்த அம்மாவைக் காட்டிக் கொடுத்ததே அவள்தானே. வாசலைத் திறந்துவிட்டவளே ஓடிவந்து தாழ்ப்பாள் போட்டதற்கா பாராட்டு?

கேக்கை என்ன செய்வது என்று தெரியவில்லை. பேர் எழுதின கேக்கை வேறு யாருக்கும் விற்க முடியாது. சாயங்காலம் முத்துக்கருப்பன் அதை, ஏழெட்டுக் குடித்தனங்கள் சேர்ந்திருந்த வளவின் நடுவில் ஒரு முக்காலியில் வைத்து, வளவில் இருந்த பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டான். “அகிலா யாருண்ணே?” என்று ஒரு சிறுமி கேட்டாள். “அது ஒரு பிள்ள. இன்னைக்கு அதுக்குப் பொறந்தநாளு” என்றான். பிள்ளைகள் யோசிக்கவில்லை. முன்பின் பார்த்திராத அகிலாவுக்காகக் கைதட்டிப் பாடின. இந்த நேரத்தில் ஆண்டாள்புரத்தில் பள்ளித் தோழிகள் வந்து கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். புதுப் பாவாடை கட்டிக்கொண்டு அந்தக் குழந்தை வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கும். அவளுக்கு என்ன காரணம் சொல்லியிருப்பார்கள்? அழகம்மாள் சமையல்கட்டுக்குள் போய்க் கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள்.

படுத்தால் ஒரே ஒரு வரிதான் திரும்பத் திரும்பக் கேட்டது. ‘அஞ்சு முட்டைய விட்டுட்டீங்க சார்.’ வாய் தவறி வந்தது என்றுதான் முத்துக்கருப்பனிடம் சொல்லியிருந்தாள். அவளும் அப்படித்தான் நம்பப் பார்த்தாள். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னபோது அவள் குரல் எப்படி இருந்தது என்பது அவளுக்கு நினைவிருந்தது. அது தடுமாறிய குரல் இல்லை. நிதானமாக, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக, ஒரு கல்லைக் குறி பார்த்து எறிவதுபோல வந்த குரல். பெரிய கணக்கு அதிகாரியே, உம் கணக்கில் தப்பு இருக்கிறது பாரும் என்று சொல்ல அவளுக்கு ஆசையாக இருந்தது. சொன்ன அந்த ஒரு நொடி இனிப்பாகக்கூட இருந்தது. திரைக்குப் பின்னால் நின்ற பாதங்கள் அந்த நொடியில் அவளுக்கு நினைவில் இருந்தனவா இல்லையா?

இருந்தன. அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது.

*

அந்த வாரமே விஷயம் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆண்டாள்புரத்தில் அவளுக்கு ஐந்து வாடிக்கை வீடுகள். ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர் பிச்சுமணி வீட்டிலிருந்து, வரப்போகிற பேரனின் பூணூலுக்கு மறுநாள் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்லியிருந்த கேக் வேண்டாம் என்று ஆள் வந்தது. “முட்டை போட்டத மறைச்சு வித்தியாமே?” என்று வந்தவன் நேரே கேட்டான். அவர்களுக்கு இதுவரை செய்தது பிஸ்கட்டுதான், அதில் முட்டை சேர்ந்ததே இல்லை. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஒரு வீட்டில் மறைத்தவள் இன்னொரு வீட்டில் மறைக்கவில்லை என்பதற்கு யார் சாட்சி? மற்ற வீடுகள் ஆள்கூட அனுப்பவில்லை. சும்மா நின்றுபோயின.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை ஒச்சாயி முட்டைக் கூடையோடு வந்தாள். இருபது கோழி வளர்க்கிறவள். அழகம்மாள்தான் அவளுடைய பெரிய வாடிக்கை.

“ஏத்தா, இந்த வாரமும் வேணாமா? எங் கோழிக என்னமோ பாவம் பண்ணின மாதிரி ஒதுக்கி வச்சிட்டியே!”

“ஆர்டர் இல்லக்கா.”

“எல்லாம் கேள்விப்பட்டேன். முட்டையத் தின்னுட்டு ருசியா இருக்குன்னு சொன்ன வாயி, முட்டைன்னு தெரிஞ்சதும் கசந்து போச்சாக்கும்? ரெண்டு வருசமா அந்தாளு ஒடம்புல ஓடுறதே எங் கோழி முட்டைதான். அத என்ன செய்வாரு, திருப்பிக் குடுப்பாரா?”

“அப்படிப் பேசாதக்கா” என்றாள் அழகம்மாள். சொன்ன வேகத்தில் ஒச்சாயி திகைத்துப் பார்த்தாள். “அவருக்கு அது பெரிய விசயம். நமக்கு ஒண்ணுமில்லாதது அவருக்கும் ஒண்ணுமில்லன்னு ஆயிருமா? கேட்டுக்கிட்டுத்தானே போடணும். அவரு வாயிக்குப் போற பண்டம்.”

ஒச்சாயி மோவாயில் கைவைத்துக்கொண்டு, “பாரேன், அவுக ஆளாவே ஆயிட்டா” என்று சொல்லிவிட்டு, ஆறு முட்டையைச் சும்மா எடுத்துப் படியில் வைத்துவிட்டுப் போனாள்.

அழகம்மாள் அன்று வேறு ஒரு காரியம் தொடங்கினாள். முட்டை இல்லாமல் ஒரு கேக்கை உப்ப வைத்தே தீர்வது என்று. வகுப்பில் கொடுத்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் டீச்சரம்மா டின் பால் வைத்து ஒரு செய்முறை சொல்லியிருந்தார். விலை அதிகம் என்று அப்போது யாரும் முயன்று பார்க்கவில்லை. கெட்டியான இனிப்புப் பால் ஒரு டின், உருக்கிய வெண்ணெய், மைதாவோடு பேக்கிங் பவுடரும் அளவாக ஆப்பசோடாவும் மூன்று தடவை சலித்து, சோடா வேலை செய்ய வேண்டும் என்பதற்காகக் கடைசியில் கொஞ்சம் வினிகர். கலந்ததும் தாமதிக்கக் கூடாது, உடனே ஓவனுக்குள் போய்விட வேண்டும். முதல் தடவை தாமதித்தாள், அமுங்கிப்போனது. இரண்டாம் தடவை சோடா கூடிப்போய்க் கசந்தது. மூன்றாவது, நடுவில் ஈர்க்குச்சியைக் குத்திப் பார்த்தபோது ஒன்றும் ஒட்டாமல் வந்தது. பிய்த்தால் பஞ்சு.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இது முன்னாலேயே முடிந்திருக்கக் கூடியதுதான். டின் பாலோடு சேர்த்தால் நாற்பது ரூபாய் சொல்ல வேண்டியிருக்கும், அவ்வளவு யாரும் கொடுக்க மாட்டார்கள் என்று பயந்து, துவைக்கிற கல்லருகே ஸ்யாமளா “எல்லாருக்கும் பண்றாப்பலயே பண்ணிடுங்கோ” என்றபோது, “வேற வழி இருக்கும்மா, செலவு கூடும்” என்று அவள் சொல்லவே இல்லை. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். அவளுக்கும் அது சுலபமாக இருந்தது.

*

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, மத்தியானம் மூன்று மணி இருக்கும். அழகம்மாள் நான்காவது தடவையாக அந்தக் கேக்கை ஓவனில் வைத்திருந்தாள். வளவுக் கதவருகே யாரோ, “இங்கே கேக் பண்றவா ஆம் எது?” என்று விசாரிக்கிற குரல். எட்டிப் பார்த்தால் ஸ்யாமளா. கையில் ஒரு துணிப்பை. தனியாக வந்திருந்தாள். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்க வேண்டும், நெற்றிக் குங்குமம் வியர்வையில் வழிந்திருந்தது.

“வாங்கம்மா” என்றாள் அழகம்மாள். முக்காலியைத் துடைத்துப் போட்டாள். ஸ்யாமளா உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தால் குடிப்பாளோ மாட்டாளோ என்று அழகம்மாள் தயங்கி நிற்கையில், “கொஞ்சம் தூத்தம் தரேளா?” என்று அவளே கேட்டு வாங்கி, அண்ணாந்து, சொம்பு காலியாகிற வரைக்கும் குடித்தாள்.

“சார் ஏதும் சொன்னாராம்மா? ஒங்கள ஏதும்…”

“அதுதான் இல்லை.” ஸ்யாமளா சொம்பைக் கீழே வைத்தாள். “ஒரு வார்த்தை திட்டலே. பூணலை மாத்திண்டார். மூணு நாள் பட்டினியா ஜபம் பண்ணினார். ‘ஏன்னா இப்படி வருத்திக்கறேள்’னு கேட்டா, ‘நீ என்ன பண்ணுவே ஸ்யாமளா, ஒனக்குத் தெரியாம நடந்துபோச்சு. மனசைப் போட்டு அலட்டிக்காதே’ங்கறார். தினம் சமாதானம் சொல்றார், அழகம்மா. எனக்கு! திட்டினா வாங்கிண்டு ஒரு மூலையிலே கெடப்பேன். அவர் என் தலையத் தடவிச் சமாதானம் சொல்றச்சே, எனக்கு அந்த எடத்துலயே செத்துடலாமான்னு இருக்கு.”

அழகம்மாள் ஓவனின் கண்ணாடியைப் பார்த்தாள். உள்ளே மாவு மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது. ஓரம் மட்டும் நிறம் மாறியிருந்தது.

“அன்னிக்கு நான் தெரியாதுன்னேன். நீங்களும் ஆமா, அம்மாவுக்குத் தெரியாதுன்னேள். எவ்வளவு சுலபமா சொல்லிட்டேன் பாருங்கோ. அந்தத் தெருவே ஒங்களைப் பத்திப் பேசறது. பிச்சுமணி மாமா ஆத்துல, ‘நல்ல வேளை, நம்மாத்துக் காரியத்துக்கு முன்னாடியே தெரிஞ்சது’ங்கறா. நான் பக்கத்துலயே ஒக்காந்து தலையாட்டறேன்.”

“அம்மா.” அழகம்மாள் ஓவனிலிருந்து திரும்பினாள். “நான் ஒண்ணு சொல்லணும். நீங்க நெனைக்கிற மாதிரி நான் நல்லவ இல்ல. அன்னைக்கு அது வாய் தவறி வரல. சாரு என் வேலையக் கரண்டி சுத்துறதுன்னு சொல்லவும், சுருக்குனு ஏறிருச்சு. நீங்க திரைக்குப் பின்னால நிக்கிறதும் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன். சொல்லணும்னே சொன்னேன்.”

 வெளியே வளவில் யாரோ குடத்தைக் கவிழ்த்து வைத்தார்கள்.

“தெரியும்” என்றாள் ஸ்யாமளா. “குரல்லயே தெரிஞ்சது. ஒங்க மேல கோவமா வந்தது அப்போ. பொசுக்கணும்போல வந்தது. அதான் நீங்க பழியேத்துண்டப்போ நான் வாயத் தொறக்கலே. இருக்கட்டும், அவளே சொமக்கட்டும்னு விட்டுட்டேன்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தார்கள். இத்தனை நாள் சுமந்ததை ஒரே நேரத்தில் இறக்கிவைத்துவிட்டு, இரண்டில் எது பெரிது என்று எடைபோடப் பயந்தவர்கள் மாதிரி இருந்தது. அழகம்மாள் அலமாரியைத் திறந்து, மடித்து வைத்திருந்த முப்பத்தைந்து ரூபாயை எடுத்து முக்காலியின் ஓரத்தில் வைத்தாள். ஸ்யாமளா அதைத் தொடவில்லை.

“இது எதுக்கு? வேலை பண்ணினேள், கொடுத்தார். அவர் அந்தத் தாளை இன்னும் மேஜை மேலயே வச்சிருக்கார், தெரியுமோ? ஒரு நாள், ‘அந்தப் பொம்மனாட்டி சொன்ன கூலி ஒண்ணும் ஜாஸ்தியில்லே, நான்தான் சரியாப் பார்க்கலே’ன்னார். ‘ஆனா மறைச்சாளே, அதைத்தான் மன்னிக்க முடியலே’ன்னார். மறைச்சது நான். அதைக் கேட்டுண்டு அவருக்கு மோர் விட்டேன்.”

ஓவனிலிருந்து வெண்ணெயும் பாலும் சேர்ந்து வேகிற மணம் வந்துகொண்டிருந்தது. இன்னும் இருபது நிமிஷம் ஆகும். இப்போது திறந்தால் நடுவில் விழுந்துவிடும்.

ஸ்யாமளா எழுந்தாள். துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். திரும்பவும் உட்கார்ந்தாள்.

“இன்னிக்கு பாங்கி அரை நாள். ஆத்துலதான் இருக்கார். குழந்தையைப் பாட்டு கிளாஸுல விட்டுட்டு நேரே இங்கே வந்தேன். இன்னிக்குச் சொல்லிடறதுன்னு கெளம்பிட்டேன். எத்தனையோ தடவை வாயத் தொறந்தாச்சு, தனியா அவர் எதிரே நின்னா ‘தெரியாதுன்னா’ங்கறதுதான் முதல்ல வரது.” முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். “ஒங்களை இனிமே வராதேன்னு சொன்ன வீடுதான். எந்த முகத்தோட கூப்பிடறதுன்னு தெரியலே. நான்தான் போடச் சொன்னேன்னு நானே சொல்றேன், நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். பக்கத்துல நின்னா மட்டும் போறும்… கூட வரேளா, அழகம்மா?”